மீட்டரை எந்த முனையில் செருகுவது? இரண்டேகால் வருஷ அனுபவம்

பக்கத்து வீட்டு அண்ணாச்சி டூரிஸ்ட் கார் ஓட்டுகிறார். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் அவரை வீட்டில் பார்க்க முடியாது. அப்படி ஒரு சீசன் நாளில் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து போனை என் கையில் கொடுத்தார். “தம்பி, சார்ஜில போட்டுக்கிட்டேதான் ஓட்டுதேன், ஏறவே மாட்டேங்கு. பாளையில எடுக்கும்போது 80 இருந்துச்சு, குத்தாலம் போய்ச் சேரும்போது 71. பேட்டரி போச்சுன்னு கடைக்காரன் சொல்லுதான். நீ அந்தப் பொட்டிய வச்சுப் பாரேன்.”

அந்தப் பொட்டி என்பது யு.எஸ்.பி. மீட்டர். சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எத்தனை வாட் போகிறது என்று சின்னத் திரையில் காட்டும். அப்போது என்னிடம் இருந்தது பழைய செவ்வக முனைக்காரன், அதாவது டைப்-ஏ. ஒரு பக்கம் சார்ஜரில் செருகும், மறுபக்கம் கேபிளை வாங்கிக்கொள்ளும். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் இருக்கிற சார்ஜரையெல்லாம் அளந்து முடித்துவிட்டு, அடுத்து யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்த நேரம்.

காரில் போய்ச் செருகினேன். 5.12 வோல்ட். “சார்ஜர் நல்லாத்தான் இருக்கு, கேபிள்லயும் 5 வோல்ட் போகுது. கடைக்காரர் சொன்ன மாதிரி பேட்டரிதான் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டேன். திரையில் 0.94 ஆம்பியர் என்று அடுத்த வரியில் எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை. வோல்ட் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்ற நினைப்பு.

என் தப்பு இதுதான். சார்ஜர் பக்கம் செருகின மீட்டர், கேபிளுக்குள் நுழைகிற வோல்ட்டைக் காட்டுமே தவிர, மறுமுனையில் வெளியே வருவதைக் காட்டாது. தாமிரபரணியில் அணைக்கட்டு மதகில் நின்று பார்த்துவிட்டுக் கடைமடை வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துவிட்டது என்று சொன்ன மாதிரி. எந்தக் கேபிளை மாட்டினாலும் அந்த மீட்டர் கிட்டத்தட்ட அதே 5 வோல்ட்டைத்தான் காட்டும், ஏனென்றால் அது பார்ப்பது சார்ஜரின் வாயை. இழப்பு நடப்பது அதற்கு அப்புறம், கேபிளுக்குள் ஓடுகிற செம்புக் கம்பியில்.

இது புரிய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. புரிந்ததும் டைப்-சி மீட்டர் ஒன்றும் வாங்கினேன். இது கேபிளின் நுனியில் மாட்டிக்கொண்டு, தன் மறுமுனையைப் போனுக்குள் நீட்டும். இரண்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி அண்ணாச்சி காருக்குப் போனேன். நல்லவேளை, அவர் அதுவரை பேட்டரி மாற்றவில்லை.

வேப்பமர நிழலில் காரை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, போனில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டோம். போனில் 40 சதவீதம் இருந்தது. இது முக்கியம். 80ஐத் தாண்டினால் போன் தானாகவே ஆம்பியரைக் குறைக்க ஆரம்பிக்கும், அப்போது அளந்தால் நல்ல கேபிளும் கெட்ட கேபிள் மாதிரித் தெரியும். சார்ஜர் பக்கம் ஒரு மீட்டர், போன் பக்கம் ஒரு மீட்டர், நடுவில் அண்ணாச்சியின் 3 மீட்டர் நீளக் கேபிள். பின் சீட்டில் இருப்பவர்களுக்கும் எட்டட்டும் என்று வாங்கினதாம்.

சார்ஜர் பக்கம் 5.12 வோல்ட். போன் பக்கம் 4.42 வோல்ட். இரண்டிலும் ஆம்பியர் அதே 0.94. நடுவில் காணாமல் போனது 0.70 வோல்ட். அதை 0.94ஆல் வகுத்தால் சுமார் முக்கால் ஓம். அந்தக் கேபிளின் மின்தடை அவ்வளவு. போனுக்குள் போவது நாலு வாட்டுக்குக் கொஞ்சம் மேல். வெயிலில் திரை வெளிச்சத்தை முழுதும் கூட்டி, மேப்பும் நெட்டும் ஓடுகிற போன் கிட்டத்தட்ட அவ்வளவையும், சில நேரம் அதற்கு மேலும், தானே தின்றுவிடும். பேட்டரிக்குப் போக என்ன மிச்சம்? அதுதான் 80, 71 ஆன கதை.

அப்படியானால் 2.4 ஆம்பியர் கொடுக்கக்கூடிய அந்தக் கார் சார்ஜர் ஏன் 0.94 மட்டும் கொடுக்கிறது? அது கொடுக்கத் தயார்தான், போன்தான் கேட்கவில்லை. போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சிப், தன் வாசலில் வோல்ட் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அதிக ஆம்பியர் இழுக்க இழுக்கக் கேபிளில் இழப்பு கூடி வாசல் வோல்ட் இறங்கும். ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் இதற்குமேல் இழுக்கக் கூடாது என்று சிப் நிறுத்திக்கொள்ளும். அண்ணாச்சி போனில் அந்த அளவு 4.4ஐ ஒட்டி இருக்கிறது. வேறு இரண்டு சொத்தைக் கேபிளைப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் வோல்ட் 4.4லேயே நின்றது, ஆம்பியர்தான் ஒன்றில் 0.7, இன்னொன்றில் 0.5 என்று இறங்கியது. ஆகவே போன் முனையில் வைத்தாலும் வோல்ட்டை மட்டும் பார்த்தால் பிரயோஜனம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அப்புறம் என்னிடம் இருந்த 1 மீட்டர் நீளமுள்ள தடிமனான கேபிளை மாட்டினோம். சார்ஜர் பக்கம் 5.08, போன் பக்கம் 4.86, ஆம்பியர் 1.75. எட்டரை வாட். அதே சார்ஜர், அதே போன், அதே ‘போன’ பேட்டரி. அண்ணாச்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ இந்த மூணு மீட்டர் சவத்தத் தூரப் போட வேண்டியதுதான்” என்றார்.

நீளம் மட்டும் குற்றவாளி இல்லை, உள்ளே இருக்கும் கம்பியின் கனமும் சேர்ந்துதான். கம்பியின் கனத்தைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள், எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 28 கேஜ் செம்புக் கம்பியில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.21 ஓம், 24 கேஜில் 0.08தான். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், அதனால் கேபிளின் நீளத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 1 மீட்டர் கேபிளே 28 கேஜ் என்றால் 0.4 ஓமைத் தாண்டும், 2 ஆம்பியர் இழுத்தால் 0.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். வெளியே நைலான் பின்னல், உள்ளே நூல் கம்பி என்று நான் வாங்கி ஏமாந்த கேபிள்கள் மூன்று. தடித்த உறையைப் பார்த்து உள்ளே இருக்கும் செம்பை எடைபோட முடியாது.

இத்தனை நாள் புழங்கியதில் மனதில் பதிந்துபோன கணக்கு ஒன்று உண்டு. போன் முனையில் மீட்டரை வைத்துப் பார்க்கும்போது ஆம்பியரும் குறைவு, வோல்ட்டும் குறைவு என்றால் கேபிளைச் சந்தேகப்படுவேன். ஆம்பியர் குறைவு, ஆனால் வோல்ட் 5ஐ ஒட்டித் தெம்பாக நிற்கிறது என்றால் கேபிள் நன்றாக இருக்கிறது, போன்தான் வேண்டாம் என்கிறது. சூடேறியிருக்கலாம், நிறைந்துகொண்டிருக்கலாம். சித்திரை மாதம் டேஷ்போர்டில் வெயில் பட வைத்த போனில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். 1.7லிருந்து 0.6க்கு ஆம்பியர் இறங்க, வோல்ட் 5க்கு ஏறியது. ஏ.சி. காற்று படும்படி நகர்த்தி வைத்ததும் பத்து நிமிஷத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

இந்தக் கணக்கு திசையன்விளை அத்தான் போனில் என்னைக் கவிழ்த்தது. அவர் போனில் வோல்ட் 4.98, ஆம்பியர் 0.4. போன் சூடாகவும் இல்லை, சார்ஜ் 25 சதவீதம்தான். என் கணக்குப்படி போன்தான் வேண்டாம் என்கிறது, போர்டில் கோளாறு என்று சொல்ல வாயெடுத்தேன். சும்மா முனையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன், 1.2க்குத் துள்ளியது. விட்டதும் 0.4. டார்ச் அடித்துப் பார்த்தால் சார்ஜிங் துளைக்குள் தேரி மண்ணும் பஞ்சுமாகக் கெட்டித்துக் கிடந்தது. போனை அணைத்துவிட்டு மரக்குச்சியால் மெல்ல நெம்பி எடுத்தேன், கடுகளவு சிவப்பு உருண்டை ஒன்று வந்தது. பிறகு 1.8.

அதாவது கேபிள் நுனியில் வைத்தாலும் மீட்டருக்குப் பின்னால் இன்னும் ஒரு தொடுப்பு இருக்கிறது. மீட்டருக்கும் போனுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடத்தில் நடக்கும் இழப்பு மீட்டருக்குத் தெரியாது. அதனால் இப்போதெல்லாம் ‘போன் வேண்டாம் என்கிறது’ என்று முடிவு கட்டுமுன் முனையை ஒரு தடவை அழுத்தியும் ஆட்டியும் பார்ப்பேன். கேபிளின் கழுத்தையும் அப்படித்தான். இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்துக்கொண்டே எண்ணைப் பார்த்தால், உள்ளே இழை அறுந்த கேபிள் உடனே காட்டிக்கொடுக்கும்.

ஒரே ஒரு மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. டைப்-சி மீட்டரைக் கேபிள் நுனியில் மாட்டி, போனைச் செருகாமல் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்பியர் ஓடாதபோது கேபிளில் இழப்பும் இல்லை, ஆகவே அது சார்ஜரின் வோல்ட். பிறகு போனைச் செருகி மறுபடி பாருங்கள். வித்தியாசத்தை ஆம்பியரால் வகுத்தால் தோராயமான தடை கிடைத்துவிடும். சுமை ஏறும்போது சார்ஜரே லேசாகத் தளரும், அதுவும் இந்தக் கணக்கில் சேர்ந்துகொள்ளும். ஒரே சார்ஜரில் இரண்டு கேபிளை ஒப்பிட அது தடையில்லை. ஆனால் இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் இந்த வித்தை பலிக்காது. போனைச் செருகும்வரை அந்தச் சார்ஜர் கரண்டையே திறந்துவிடாது, மீட்டர் இருட்டாகவே இருக்கும்.

இன்னொன்று, சில போன் கம்பெனிகளின் சொந்த அதிவேகச் சார்ஜிங். தங்கை மகன் போனை என் டைப்-ஏ மீட்டர் வழியாகப் போட்டால் திரையில் வழக்கமாக வரும் மின்னல் குறி வராது, சாதாரண வேகத்துக்கு இறங்கிவிடும். அந்தக் கம்பெனி கேபிளில் கூடுதல் முள் இருக்கிறது, மீட்டரில் அதற்கு வழி இல்லை. அங்கே மீட்டர் காட்டுவது மீட்டர் இருக்கும்போது நடப்பதை, இல்லாதபோது நடப்பதை அல்ல. “மாமா, ஒங்க மீட்டர்தான் என் போன மெதுவாக்குது” என்றான். உண்மைதான்.

மீட்டர் இரண்டில் டைப்-ஏ இன்னும் புதுசு மாதிரி இருக்கிறது. டைப்-சி மீட்டரின் ஆண் முனைதான் தேய்ந்துவிட்டது. ஊரில் உள்ள போனுக்கெல்லாம் செருகி எடுத்தால் தேயாதா? இப்போது லேசாக ஆட்டினாலே வோல்ட் 0.1 குதிக்கிறது. அண்ணாச்சியின் பழைய 3 மீட்டர் கேபிளைத் தூரப் போடாமல் வாங்கி வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை அதை அளந்து முக்கால் ஓம் வருகிறதா என்று பார்ப்பேன். போன வாரம் 0.9 வந்தது, அழுத்திப் பிடித்தால் மறுபடி 0.75. அடுத்த மீட்டர் வாங்கும்போது, முனைக்குப் பதில் நாலு விரல் நீளத்துக்குத் தடித்த ஒயர் வைத்ததாகப் பார்த்து வாங்க வேண்டும்.