640 ரூபாய் வட்டிக்கு 13,130 ரூபாய் வரி: பழைய முறையின் பள்ளமும் புதிய முறையின் செக்குத்தடமும்

ஒவ்வொரு ஜூலை மாதமும் உறவினர் நாலைந்து பேருக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துகொடுப்பது என் வழக்கம். கூலி ஒரு டம்ளர் காபி. 2022-23 நிதியாண்டின் கணக்கை முடிக்கும்போது, தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் அத்தை மகளுக்கு நேர்ந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

அவருடைய ஆண்டுச் சம்பளம் 6,80,000 ரூபாய். பழைய வரி முறையில் நிலைக்கழிவு 50,000. சேமநல நிதி, காப்பீடு என்று 80சி பிரிவில் 1,30,000. இவற்றைக் கழித்தால் வரிக்குரிய வருமானம் சரியாக 5,00,000. அந்தத் தொகைக்கான வரி 12,500. 87ஏ பிரிவின் தள்ளுபடியும் அதே 12,500. ஆகவே கட்ட வேண்டியது பூஜ்யம் என்று நிம்மதியாக இருந்தார். வருமான வரித் தளத்தில் அவருடைய ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தபோதுதான், மறந்துபோன ஒரு சிறு வைப்புத்தொகையின் வட்டி 640 ரூபாய் கண்ணில் பட்டது.

வருமானம் 5,00,640 ஆனது. 5 லட்சத்துக்கு மேலான 640 ரூபாய்க்கு 20 சதவீதம், அதாவது 128 ரூபாய்தான் கூடுதல் வரி. ஆனால் வருமானம் 5 லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடி முழுவதும் போய்விட்டது. 12,628 ரூபாய் வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், பத்தின் மடங்காக்கினால் 13,130 ரூபாய். "640 ரூபாய் வட்டியை வங்கியிலேயே திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார். கொடுத்தாலும் பயனில்லை, நிதியாண்டு மார்ச் 31 அன்றே முடிந்துவிட்டது. 80சி பிரிவில் அவருக்கு இன்னும் 20,000 ரூபாய் இடம் இருந்தது. மார்ச்சுக்குள் பொது வருங்கால வைப்பு நிதியில் வெறும் ஆயிரம் ரூபாய் போட்டிருந்தால் இந்த 13,130 மிஞ்சியிருக்கும்.

இந்தப் பள்ளம் எப்படி வந்தது என்பதற்குக் காரணம் தள்ளுபடியின் அமைப்பிலேயே இருக்கிறது. வரிவிலக்கு வரம்பை உயர்த்தினால் அதன் பலன் கோடீஸ்வரருக்கும் போகும். குறைந்த வருமானக்காரருக்கு மட்டும் சலுகை தர, 2013-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 87ஏ பிரிவைக் கொண்டுவந்தது. அப்போது தள்ளுபடி 2,000 ரூபாய்தான்; வரம்பைத் தாண்டியவருக்கு நட்டமும் அவ்வளவே. 2019-இல் அதை 12,500 ஆக்கியபோது பள்ளத்தின் ஆழமும் கூடவே கூடியது. பழைய முறையில் 5,00,000 ரூபாயிலிருந்து ஏறத்தாழ 5,16,400 வரை வருமானம் உள்ளவர், வரி போக, 5 லட்சம் சம்பாதித்தவரைவிடக் குறைவாகவே கையில் வைத்திருப்பார். அதிகமாக உழைத்ததற்கு அபராதம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

வருமானத்தைப் பத்து ரூபாயின் மடங்காக்கும் விதி இருப்பதால், 5,00,004 ரூபாய் காட்டியவர் தப்பித்துக்கொள்வார். 5,00,005 காட்டியவர் விழுவார். ஒரு ரூபாயில் 13,000 ரூபாய் வித்தியாசம்!

இனி புதிய முறை. இதிலும் இதே பள்ளம் இருந்தது. 2023-இல் தள்ளுபடி வரம்பை 7 லட்சமாக்கியபோது மார்ஜினல் ரிலீஃப் என்ற விளிம்பு நிவாரணத்தையும் சேர்த்தார்கள். 2025-26 நிதியாண்டு முதல் வரம்பு 12 லட்சம், தள்ளுபடி 60,000 ரூபாய். சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவும் உண்டு என்பதால் 12,75,000 வரை வரியில்லை. "12 லட்சம் வரை வரிவிலக்கு" என்று பலர் சொல்வது தவறு. விலக்கு 4 லட்சத்துக்குத்தான். மீதியெல்லாம் வரி போட்டுப் பிறகு தள்ளுபடி செய்வது. அதனால்தான் 12 லட்சத்தைத் தாண்டியவருக்கு 4 லட்சத்திலிருந்தே கணக்கு தொடங்குகிறது.

நிவாரணத்தின் விதி எளிது. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு சம்பாதித்தீர்களோ, அதைவிட அதிகமாக வரி போகக் கூடாது. 12,10,000 வருமானத்துக்கு வழக்கமான வரி 61,500. ஆனால் கூடுதலாகச் சம்பாதித்தது 10,000 மட்டுமே. எனவே வரி 10,000-இல் நிற்கும். மீதி 51,500 நிவாரணம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நிவாரணத்தைக் கணக்கிட்ட பிறகுதான் 4 சதவீத செஸ் ஏறுகிறது. அந்த 10,000 ரூபாய் 10,400 ஆகிறது. கூடுதலாகச் சம்பாதித்த ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 104 ரூபாய் கட்டுகிறோம். கீழே உள்ள தொகைகள் நிலைக்கழிவு போன பிறகு உள்ள வரிக்குரிய வருமானம்.

| வருமானம் | நிவாரணம் இல்லையென்றால் வரி | கட்டவேண்டிய வரி | கையில் மிஞ்சுவது |
|---|---|---|---|
| 12,00,000 | – | 0 | 12,00,000 |
| 12,10,000 | 63,960 | 10,400 | 11,99,600 |
| 12,50,000 | 70,200 | 52,000 | 11,98,000 |
| 12,70,000 | 73,320 | 72,800 | 11,97,200 |
| 12,75,000 | 74,100 | 74,100 | 12,00,900 |

அட்டவணையின் கடைசி நெடுவரிசையைப் பாருங்கள். 12 லட்சத்திலிருந்து 12,70,000 வரை நடந்தவர் 2,800 ரூபாய் இழந்து நிற்கிறார். ஏறத்தாழ 12,70,590 வந்ததும் நிவாரணம் முடிந்து வழக்கமான வரியே குறைவாகிவிடும். 12,74,000-ஐ நெருங்கும்போதுதான் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புகிறோம். பழைய முறையில் திடீரென விழுகிறோம். புதிய முறையில் விழுவதில்லை, ஆனால் 74,000 ரூபாய் அகலத்துக்குச் செக்குமாடுபோல் நடந்தும் நகர்வதில்லை.

எது மேல் என்று கேட்டால், விழுவதைவிட நடப்பது நல்லது என்பேன். பழைய முறையின் ஆபத்து, அது தெரியாமல் வருவது. மறந்துபோன வட்டி 640 ரூபாய் போதும். புதிய முறையில் அதே 640 ரூபாய் மறந்துபோனாலும் நட்டம் ஏறத்தாழ 25 ரூபாய் செஸ்தான். ஆனால் பழைய முறையில் பள்ளத்தைத் தாண்டிப் பின்வாங்கப் பல ஏணிகள் உண்டு: 80சி, மருத்துவக் காப்பீடு, சொந்தமாகப் போடும் தேசிய ஓய்வூதியத் திட்டப் பணம், வீட்டுக் கடன் வட்டி. புதிய முறையில் இவற்றில் பெரும்பாலானவை செல்லாது. சம்பளக்காரருக்குக் கையில் கிடைக்கும் உருப்படியான ஏணி ஒன்றே ஒன்றுதான், அதை இங்கே விரிவாகச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஒரு நண்பருடைய கணக்கு. ஆண்டுச் சம்பளம் 13,40,000. அதில் அடிப்படைச் சம்பளம் 6,00,000. நிலைக்கழிவு போக வரிக்குரியது 12,65,000. வழக்கமான வரி 69,750. 65,000-இல் நிவாரணம் தடுக்கிறது. செஸ் சேர்ந்து 67,600.

அவர் முன் மூன்று வழிகள். முதலாவது, பேசாமல் 67,600 கட்டிவிடுவது.

இரண்டாவது, பழைய முறைக்குப் போவது. அங்கே அதே 67,600 வரிதான் வர வேண்டுமென்றாலே, 50,000 நிலைக்கழிவுக்கு மேல் 5,27,500 ரூபாய்க்குக் கழிவுகள் காட்ட வேண்டும். வீட்டு வாடகைப் படி, வீட்டுக் கடன் வட்டி, 80சி எல்லாம் ஒருவருக்கே கூடியிருந்தால்தான் அது நடக்கும். பழைய முறையின் 5 லட்ச வரம்புக்குள் நுழைந்து தள்ளுபடி பெற 7,90,000 ரூபாய் கழிவு தேவை. அதை நினைத்துப் பார்க்கவும் வேண்டாம். இன்று 12,75,000-க்குள் சம்பளம் வாங்குபவர் புதிய முறையிலேயே பூஜ்யம் கட்டுகிறார் என்பதால், பழைய முறையின் அந்தப் பள்ளத்தில் விழ இப்போது ஆளே அரிது. என் அத்தை மகளும் இப்போது பூஜ்யம்தான்.

மூன்றாவது வழி, நிறுவனமே தன் பங்காகத் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் பணம் செலுத்துவது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80சிசிடி(2) என்று இருந்த பிரிவின்படி, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வரை புதிய முறையிலும் கழிவு உண்டு. இந்த நண்பருக்கு உச்சவரம்பு 84,000. அவருக்குத் தேவை 65,000 மட்டுமே. மொத்தச் சம்பளச் செலவை மாற்றாமல் அந்த 65,000-ஐ ஓய்வூதியக் கணக்குக்குத் திருப்பிவிட்டால் வரிக்குரிய வருமானம் சரியாக 12,00,000, வரி பூஜ்யம்.

இப்போது கையிருப்பை ஒப்பிடுங்கள். 67,600 வரி கட்டியிருந்தால் கையில் 12,72,400. 65,000-ஐ ஓய்வூதியத்துக்கு அனுப்பியிருந்தால் கையில் 12,75,000. ஓய்வூதியக் கணக்கில் 65,000 சேர்ந்ததோடு, செலவுக்குக் கிடைப்பதும் ஆண்டுக்கு 2,600 ரூபாய் கூடுகிறது! செக்குத்தடத்துக்குள் இருப்பவருக்கு மட்டும் வாய்க்கும் கணக்கு இது. 20 லட்சம் சம்பளக்காரருக்குக் கழிவு உண்டு, ஆனால் கையிருப்பு இப்படிக் கூடாது. பல ஆண்டுகளுக்கு அந்தப் பணத்தைப் பெரும்பாலும் தொட முடியாது என்பது உண்மை. ஆனாலும் எப்படியும் வரியாகப் போயிருக்கும் பணம் அது.

இதில் தவறு நடப்பது இரண்டு இடங்களில். வங்கி செயலியில் தானாகவே ஓய்வூதியக் கணக்கு தொடங்கிப் பணம் போட்டுவிட்டு, கழிவு கிடைக்கும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. சொந்தப் பங்குக்குப் புதிய முறையில் கழிவு கிடையாது, நிறுவனத்தின் பங்காகவே போக வேண்டும். இன்னொன்று, வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்கு ஐந்நூறு ரூபாய் மட்டும் கீழே நிற்கும்படி குறி வைப்பது. மார்ச்சில் வைப்புத்தொகை வட்டியோ போனஸோ எதிர்பாராமல் வந்தால் மீண்டும் தடத்துக்குள் போவீர்கள். அதனால் 84,000 உச்சவரம்பில் இன்னும் கொஞ்சம் பயன்படுத்துவது நல்லது.

பங்கு விற்ற லாபம் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சம்பளம் நிலைக்கழிவு போக 9 லட்சம், குறுகியகாலப் பங்கு லாபம் 1 லட்சம் என்றால் மொத்தம் 10 லட்சம்தான். ஆனால் புதிய முறையில் தள்ளுபடி அந்த 1 லட்சத்துக்கான 20 சதவீதத்தைத் தொடாது. 20,800 ரூபாய் கட்டியே ஆக வேண்டும். வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே வீட்டு வாடகை பெறுபவருக்கும் தள்ளுபடியே இல்லை, ஏனென்றால் அது இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படுவோருக்கு மட்டும்தான்.

நண்பர் டிசம்பரில் என்னிடம் வந்தபோது அவருடைய நிறுவனம் சம்பள அமைப்பை ஏப்ரலில் மட்டுமே மாற்றித் தரும் என்று சொல்லிவிட்டது. அந்த ஆண்டு 67,600 கட்டினார். அடுத்த ஏப்ரல் முதல் தேதியன்று காலை ஏழு மணிக்கே எனக்குத் தொலைபேசி வந்தது. படிவத்தில் எத்தனை சதவீதம் எழுதுவது என்று கேட்டார். பதினொன்று என்றேன்.