தேடல் பங்கு: சில வருடம் பயன்படுத்திய பிறகு சொல்கிறேன்

வீடுகளுக்கு பிராட்பேண்ட் இணைப்பு தரும் ஒரு நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பிரிவில் இருக்கிறேன். பெரிய ஆய்வு நிறுவனங்களிடம் பிராண்ட் டிராக்கர் வாங்கும் அளவுக்கு எங்களிடம் பட்ஜெட் இல்லை. அதனால் சில வருடங்களாக எங்கள் பிராண்ட் மீது மக்களுக்கு ஆர்வம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க ஷேர் ஆஃப் சர்ச், அதாவது தேடல் பங்கைத்தான் நம்பி வந்திருக்கிறேன். செலவு ஏதும் இல்லை, கூகுள் ட்ரெண்ட்ஸும் ஒரு எக்செல் ஷீட்டும் போதும். ஆனால் அது தரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு மீட்டிங்கில் போய் உட்கார்ந்தால், நமக்கே நாம் கதை சொல்லிக்கொள்வதில்தான் முடியும். அந்தக் கதை எங்கே ஆரம்பிக்கிறது, அதை எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணக்கு எளிது. உங்கள் பிராண்ட் பெயரை எவ்வளவு தேடுகிறார்கள் என்பதை, உங்கள் துறையில் இருக்கும் எல்லா பிராண்டுகளின் தேடல்களையும் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் வருவது உங்கள் தேடல் பங்கு. 2020-ல், விளம்பரங்களின் பலனை ஆராயும் பிரிட்டிஷ் நிபுணர் லெஸ் பினெ இதைப் பரவலாகப் பேசவைத்தார். பிரிட்டனில் கார், எரிசக்தி, மொபைல் ஃபோன் என்று மூன்று துறைகளை எடுத்துப் பார்த்து, தேடல் பங்கு நகரும் திசையில் கொஞ்ச காலம் கழித்துச் சந்தைப் பங்கும் நகர்கிறது என்று காட்டினார். அந்த இடைவெளி துறைக்குத் துறை மாறும். அது உங்கள் துறையில் எவ்வளவு என்பதை உங்கள் சொந்த விற்பனை எண்ணோடு வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், வேறு யாருடைய ஸ்லைடிலிருந்தும் எடுத்து ஒட்ட முடியாது.

முதலில் ட்ரெண்ட்ஸ் எதைக் கொடுக்கிறது என்பது தெளிவாக வேண்டும். அதில் வரும் 0 முதல் 100 வரையான எண் தேடல்களின் எண்ணிக்கை கிடையாது. அந்த இடத்தில் அந்த நேரத்தில் நடந்த மொத்தத் தேடல்களில் உங்கள் சொல்லின் விகிதத்தை எடுத்து, ஒப்பீட்டில் வரும் உச்சப் புள்ளியை 100 என்று வைத்து மற்றதை அதற்கேற்பச் சுருக்கிக் காட்டுகிறார்கள். அதனால் கோடு கீழே இறங்கினால் உங்களைத் தேடுபவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, மற்ற விஷயங்களைத் தேடுவது கூடியிருந்தாலும் கோடு இறங்கும். தேடல் பங்கின் நல்ல குணமே இங்கேதான் இருக்கிறது. ஒரே ஒப்பீட்டில் எடுத்த பிராண்டுகளை ஒன்றால் ஒன்று வகுக்கும்போது இந்த மொத்தத் தேடல் விவகாரம் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. சீசனும் பெரும்பாலும் அப்படியே போய்விடும், ஏனென்றால் அது எல்லா பிராண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தூக்கும்.

இப்போது ஒரு வருடக் கதையை முழுசாகப் பார்ப்போம். பெயர்களைச் சொல்ல முடியாது, எண்களையும் கொஞ்சம் உருட்டியிருக்கிறேன், விகிதம் புரிந்தால் போதும். எங்களுக்கு மூன்று போட்டியாளர்கள், அவர்களை சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாராந்திர எண்களை எடுத்து வருடச் சராசரி போட்டால், முந்தைய வருடம் நாங்கள் 18, சிவப்பு 42, பச்சை 26, மஞ்சள் 14. கூட்டினால் 100, ஆக எங்கள் பங்கு 18 சதவீதம். அடுத்த வருடம் நாங்கள் 23, சிவப்பு 36, பச்சை 22, மஞ்சள் 11. கூட்டினால் 92, எங்கள் பங்கு 25 சதவீதம். ஒரே வருடத்தில் 7 புள்ளி ஏற்றம்! விளம்பர ஏஜென்சி இதை ஒரு பெரிய ஸ்லைடாகப் போட்டு எடுத்து வந்தது, அவர்களைக் குறை சொல்ல முடியாது, எண் உண்மைதான்.

நான் முதலில் பார்ப்பது வகுத்தலில் கீழே இருக்கும் எண்ணை, அதாவது எல்லோருடைய தேடலின் கூட்டுத்தொகையை. மேலே நாங்கள் 18-லேயே நின்றிருந்தால் பங்கு என்னவாகியிருக்கும்? மற்ற மூவரும் சேர்ந்து 82-லிருந்து 69-க்கு இறங்கியிருக்கிறார்கள், அதனால் 18-ஐ 87-ஆல் வகுக்கிறோம், வருவது ஏறக்குறைய 21 சதவீதம். அதாவது நாங்கள் துரும்பைக்கூட அசைக்காமல் இருந்திருந்தாலும் கிட்டத்தட்ட 3 புள்ளி ஏறியிருக்கும். இது பொய் ஏற்றம் என்று சொல்லவில்லை, போட்டியாளர் மங்குவதும் ஒரு செய்திதான். ஆனால் நம் விளம்பரம் வேலை செய்தது என்பதற்கு அது சாட்சி இல்லை.

அடுத்தது வாராந்திரக் கோட்டை வரைந்து கண்ணால் பார்ப்பது. சராசரியை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. எங்கள் கோடு வருடம் முழுக்க 20-க்குப் பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது, நடுவில் இரண்டு வாரம் மட்டும் 70, 60 என்று எகிறியிருந்தது. அந்த இரண்டு வாரமும் எங்கள் நெட்வொர்க் படுத்துவிட்டது. கனெக்‌ஷன் போனவர்கள் மொபைலை எடுத்து எங்கள் பெயரைத் தேடியிருக்கிறார்கள், திட்டுவதற்கும் சேர்த்துத்தான். தேடல் பங்கைப் பொறுத்தவரை கோபமும் ஆர்வமும் ஒன்றுதான், இரண்டும் ஒரு தேடல். அந்த இரண்டு வாரத்துக்குப் பதிலாக முன்னும் பின்னும் இருந்த வாரங்களின் சராசரியான 21-ஐ வைத்துப் போட்டால், வருடச் சராசரி 23-லிருந்து சுமார் 21.3-க்கு இறங்குகிறது, பங்கு 23.6 ஆகிறது. 52 வாரத்தில் இரண்டே வாரம் ஒன்றரைப் புள்ளியை உண்டாக்கிவிட்டது. இந்த மாதிரி திடீர் ஏற்றம் எங்கே வந்தாலும் ட்ரெண்ட்ஸின் கீழே வரும் தொடர்புடைய தேடல்களைப் பாருங்கள், விஷயம் அங்கேயே எழுதியிருக்கும்.

மூன்றாவது சரிபார்ப்புதான் எங்கள் துறையில் எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறது. ஏற்கெனவே வாடிக்கையாளராக இருப்பவர்கள் எங்கள் பெயரைத் தேடுவது எதற்கு? பில் கட்ட, லாகின் செய்ய, கஸ்டமர் கேர் நம்பர் எடுக்க. முகவரிப் பட்டியில் தளத்தின் பெயரை முழுசாக அடிப்பவர்கள் எத்தனை பேர், எல்லோரும் கூகுளில் பெயரைப் போட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். ஆக பழைய, பெரிய நிறுவனத்துக்குத் தேடல் அதிகமாக வருவது அதன் மீது ஆர்வம் என்பதால் அல்ல, அதனிடம் ஆட்கள் அதிகம் என்பதால். வங்கி, டெலிகாம், இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் இதே நிலைதான். சோப்பு, பிஸ்கட்டில் இந்தத் தொல்லை இருக்காது, ஆனால் அங்கே வாங்குவதற்கு முன் தேடுபவர்களே குறைவு, அதனால் வேறு விதத்தில் இந்த எண் அங்கே பலவீனம்.

ட்ரெண்ட்ஸில் கழித்தல் குறி வேலை செய்யும், ஒரு சொல்லுக்கு முன் அதைப் போட்டால் அந்தச் சொல் வரும் தேடல்கள் கணக்கில் சேராது. எங்கள் நான்கு பிராண்டுக்கும் இப்படிப் போட்டு மறுபடி எடுத்தோம், `brand` என்ற இடத்தில் பிராண்டின் பெயர் வரும்:

```
brand -login -bill -care -down
```

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இது தேடல் சொல்லாக எடுத்தால்தான் நடக்கும், ஒரே பொருளைப் பற்றிய தேடல்களை ஒன்றாகச் சேர்த்து ட்ரெண்ட்ஸ் காட்டும் தலைப்பைத் தேர்ந்தெடுத்தால் கழிக்க முடியாது. பெயர் சாதாரணச் சொல்லாக இருக்கும் பிராண்டுக்குத் தலைப்புதான் பாதுகாப்பு, ஆக அங்கே ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டியதுதான். இன்னொன்று, புதிதாக எடுத்ததில் 100 என்பது வேறு ஒரு புள்ளி, அதனால் பழைய ஒப்பீட்டின் எண்ணோடு இதை நேராக வைத்துப் பார்க்கக் கூடாது, ஒரே ஒப்பீட்டுக்குள் வருடத்தை வருடத்தோடு மட்டும் பாருங்கள்.

நெட்வொர்க் படுத்த வாரங்களையும் சரிசெய்தபின் வந்தது இது: முந்தைய வருடம் நாங்கள் 22, சிவப்பு 26, பச்சை 21, மஞ்சள் 11. எங்கள் பங்கு 27.5 சதவீதம். அடுத்த வருடம் நாங்கள் அதே 22, சிவப்பு 22, பச்சை 18, மஞ்சள் 9. பங்கு 31 சதவீதம். அதாவது எங்கள் நிலை முதல் கணக்கு காட்டியதைவிட நல்ல நிலை, ஏனென்றால் சிவப்பின் தேடலில் பெரும்பகுதி பில் கட்டுபவர்கள்தான். ஆனால் எங்கள் வளர்ச்சி? ஒன்றும் இல்லை. 22 என்பது 22-லேயே நிற்கிறது. 18 என்பது 23 ஆனதெல்லாம் புகாரும், கூடிவிட்ட வாடிக்கையாளர்கள் லாகின் தேடியதும்தான். புதிய இணைப்புக் கோரிக்கைகளின் எண்ணிக்கையை எடுத்து வைத்துப் பார்த்தோம், அதுவும் அந்த வருடம் தட்டையாகத்தான் இருந்தது. ஏஜென்சி ஸ்லைடு அன்றைக்கே ஓரமாகப் போய்விட்டது, கொஞ்சம் சங்கடமான மீட்டிங்தான்.

கழித்தபிறகும் வெறும் பெயரை மட்டும் அடிப்பவர்கள் உள்ளேதான் இருப்பார்கள். அவர்களில் யார் வாடிக்கையாளர், யார் புதிதாக விசாரிப்பவர் என்று பிரிக்க இந்தக் கருவியில் வழி இல்லை. அதனால் கழித்து வந்த எண்ணும் சுத்தமானது என்று நான் சொல்லமாட்டேன், அழுக்கு குறைவு, அவ்வளவுதான்.

அப்புறம் இரைச்சல். ட்ரெண்ட்ஸ் எல்லாத் தேடல்களையும் எண்ணுவதில்லை, ஒரு மாதிரியை எடுத்துக் கணக்கிடுகிறது. அதே கேள்வியை வேறொரு நாளில் கேட்டால் எண் கொஞ்சம் மாறி வரும். நான் வெவ்வேறு நாட்களில் சில முறை எடுத்துச் சராசரி போடுகிறேன். அப்படி எடுக்கும்போதே எங்கள் பங்கு ஒரு புள்ளி வரை ஆடுகிறது, ஆக ஒரு புள்ளி ஏற்ற இறக்கத்தைப் பற்றி யாராவது காரணம் சொல்ல ஆரம்பித்தால் நான் டீ குடிக்கப் போய்விடுவேன். சின்ன பிராண்டுக்கு இது இன்னும் மோசம். எண்கள் முழு எண்ணாகத்தான் வரும், 1 என்பது 2 ஆனால் இரு மடங்கு வளர்ச்சி என்று ஷீட் சொல்லும், உண்மையில் அது 1.4 என்பது 1.6 ஆனதாக இருக்கலாம். ஒரு நேரத்தில் சில பெயர்களைத்தான் ஒப்பிட முடியும் என்பதால், அதற்கு மேல் பிராண்ட் இருந்தால் நடுத்தர அளவில் இருக்கும் ஒன்றை எல்லாத் தொகுதியிலும் பொதுவாக வைத்து, அதை வைத்து மற்றவற்றை அளவு மாற்றிக்கொள்ளுங்கள். மிகப் பெரிய பிராண்டைப் பொதுவாக வைத்தால் சின்னதெல்லாம் 0-விலும் 1-லும் நசுங்கிப் போகும். 2022 ஜனவரியில் தரவு சேகரிக்கும் முறை மேம்படுத்தப்பட்டதாக ட்ரெண்ட்ஸ் வரைபடத்திலேயே ஒரு குறிப்பு வரும், 2016 ஜனவரியிலும் அப்படி ஒன்று உண்டு. அந்த இடத்தில் கோடு குதித்தால் உங்கள் பிராண்டில் காரணம் தேட வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை, சுருக்கமாக: இதை யாருடைய போனஸோடும் கட்டாதீர்கள். ‘எங்கள் பெயரைத் தேடுங்கள், பரிசு வெல்லுங்கள்’ என்று ஒரு போட்டி நடத்தினால் பங்கு அடுத்த வாரமே ஏறிவிடும்.

இப்போது நாங்கள் மாதம் ஒருமுறை எடுத்து, 12 மாத நகரும் சராசரியாக மட்டும் பார்க்கிறோம். ஷீட்டில் மூன்று கோடுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும்: கழிக்காத பங்கு, கழித்த பங்கு, கழித்த எங்கள் எண் தனியாக. மூன்றும் ஒரே பக்கம் போனால்தான் பேசுவோம். பங்கு ஏறி எங்கள் எண் தட்டையாக இருந்தால் போட்டியாளர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம், கழிக்காதது மட்டும் ஏறினால் நேராக சர்வீஸ் டீமுக்கு ஃபோன். கழிக்கும் சொற்களின் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆப் பெயர் மாறினாலோ புது பேமெண்ட் முறை வந்தாலோ வாடிக்கையாளர்கள் தேடும் சொல்லும் மாறிவிடுகிறது. பட்டியலை மாற்றும்போது பழைய மாதங்களையும் புதுப் பட்டியலை வைத்து மறுபடி எடுங்கள், இல்லையென்றால் கோட்டில் விழும் பள்ளம் நீங்களே தோண்டியதாக இருக்கும்.