மண்டப முன்பணமும் ஒரு குறுஞ்செய்தியும்: பினாங்குப் பயண அனுபவம்

அப்பாவின் எண்பதாம் பிறந்தநாளுக்காக ஜார்ஜ்டவுனில் ஒரு மண்டபம் பார்த்தோம். ஹூஸ்டனிலிருந்தே பேசி, முன்பணத்தை எங்கள் மலேசிய வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தேன். மண்டபத்தார் அத்தையின் கைப்பேசிக்கு அனுப்பிய பதில் இது:

"வணக்கம். தங்கள் கட்டணம் வெற்றிகரமாகப் பெறப்பட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். 05/06. மீதியை விரைவில் செலுத்தவும். 4172."

மண்டபம் அருமையானது, கவனிப்பும் குறைவில்லை. ஆனால் இந்தச் செய்தியைப் படித்த அத்தை, முழுப் பணமும் கட்டியாகிவிட்டது என்றே நம்பிவிட்டார். பூட்டிய திரையில் முதல் வரிதான் தெரியும். அதில் தொகையே இல்லை. அமெரிக்காவில் வளர்ந்த என் மகள் 05/06 என்பதை மே 6 என்று படித்தாள். 4172 வங்கி எண்ணா, மண்டபப் பதிவு எண்ணா என்பது யாருக்கும் விளங்கவில்லை.

ஊருக்கு வந்ததும் அலுவலகத்துக்கே போனேன். அங்கிருந்த தங்கச்சி, "மரியாதையாக இருக்கட்டும் என்றுதான் அப்படி எழுதினோம், அண்ணே" என்றாள். அந்த மரியாதைக்குச் செலவும் உண்டு. தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றில் 70 குறிகள்தான் அடங்கும். நீண்டால் துண்டுக்கு 67. புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். "மகிழ்ச்சியுடன்" என்ற சொல் முடிவதற்குள்ளேயே அவர்களுடைய செய்தி 70ஐத் தாண்டிவிடுகிறது. இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம்:

"800 ரிங்கிட் முன்பணம் கிடைத்தது.
வந்த நாள்: 5 ஜூன் 2025, வியாழன்
மண்டபப் பதிவு எண்: 4172
மீதி 1,700 ரிங்கிட்: 20 ஜூன், வெள்ளிக்குள்
அனுப்பும்போது 4172ஐக் குறிப்பிடுங்கள்.
விழா: 13 ஜூலை, ஞாயிறு. நன்றி."

"வந்த நாள்" என்று போடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. டூயிட்நவ் என்ற மலேசியப் பணப்பரிமாற்றச் சேவை வழியாக அனுப்பினால் பணம் பெரும்பாலும் உடனே சேர்ந்துவிடும். வங்கிகளுக்கிடையிலான ஜைரோ முறையில் வெள்ளி இரவு அனுப்பியது திங்களன்றுதான் கணக்கில் ஏறும். அனுப்புகிறவர் வெள்ளியை நினைத்திருப்பார், மண்டபத்தார் திங்களைக் குறித்திருப்பார். இறுதி நாள் நெருங்கும்போது அந்த இடைவெளியில்தான் சச்சரவு முளைக்கும். மாதத்தை எழுத்தில் எழுதிக் கிழமையையும் சேர்த்தால், தவறாகத் தட்டிய தேதி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

வங்கியின் நீண்ட எண்ணை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். அது அனுப்பியவரின் வங்கிச் செயலியிலேயே இருக்கிறது, பணம் காணாமல் போனால்தான் தேவைப்படும். மண்டபத்தில் கேட்பதெல்லாம் 4172தான்.

செய்தி இன்னும் மூன்று துண்டாகத்தான் போகிறது என்பது உண்மை. ஆனாலும் குறைக்க நான் சம்மதிக்கவில்லை. மீதித் தொகையும் கெடுவும் இல்லாத ரசீது பாதி ரசீதுதான். ரத்து செய்தால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை மட்டும் அச்சிட்ட ஒப்பந்தத்துக்கு விட்டோம். அந்த நிபந்தனையை ஒரே வரியில் சுருக்கினால் பொருளே மாறிவிடும்.