சீலிங்கில் ஒரு பெரிய கறை, மூன்று மெல்லிய கோடு: நாங்கள் பயந்தது தப்பான இடத்தைப் பார்த்து

போன மார்ச் மாதம் அம்மா வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். படுக்கையறை சீலிங். பாத்ரூம் சுவரை ஒட்டிய மூலையில் டீ கொட்டியதுபோல் ஒரு கறை, ஓரமெல்லாம் காவி நிறம். அதிலிருந்து நாலடி தள்ளி, கட்டிலுக்கு நேர் மேலே, மூன்று மெல்லிய கோடுகள். "மேல பாருடா, வீடே இடிஞ்சிடும் போல கீது" என்று கீழே ஒரு வரி. அம்மா சொன்னது கறையைத்தான். நானும் கறையைத்தான் பார்த்தேன். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஒரு போட்டோவை வைத்தே முடிவெடுத்தேன். அதற்கு விலையும் கொடுத்தேன்.

வீடு மேல்விஷாரத்துக்கும் ஆற்காட்டுக்கும் நடுவில். அப்பா 1997ல் கட்டியது, தரைத்தளம் மட்டும். வேலூரில் வாட்டர்ப்ரூஃபிங் செய்கிற ஒரு கான்ட்ராக்டர் நம்பர் கிடைத்தது. பெயர் போடப் போவதில்லை. அவருடைய வேலை முறையைச் சொன்னால் போதும். போட்டோவை அனுப்பிய பத்தாவது நிமிடம் பதில் வந்துவிட்டது: "மொட்டைமாடி லீக் சார். கோட்டிங் அடிச்சா பத்து வருஷம் கவலை இல்ல." கோடுகளைப் பற்றிக் கேட்டேன். "அது ஒண்ணுமில்ல சார், உள்ள கரண்ட் பைப் போகுது, அதான் கோடு. பட்டி பாத்து பெயின்ட் அடிச்சா தெரியாது." மொத்தம் 38,000 ரூபாய். பாதி முன்பணம்.

ஏப்ரலில் ஆட்கள் வந்தார்கள். மாடியில் தட்டோட்டின் மேல் வெள்ளையாக ஏதோ இரண்டு கை அடித்தார்கள். உள்ளே கறையைச் சுரண்டி, கோடுகளைப் பட்டியால் அடைத்து, பெயின்ட் அடித்தார்கள். பத்து வருட உத்தரவாதம் என்று ஒரு காகிதமும் கொடுத்தார்கள். சீலிங் கண்ணாடி மாதிரி இருந்தது. அம்மா கட்டிலை மறுபடி அதே இடத்தில் போட்டுக்கொண்டார்.

வைகாசி முடிவதற்குள் கறை திரும்பிவிட்டது. அதுவரை ஒரு தூறல்கூட இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: மார்ச்சில் கறை வந்தபோதும் மழை நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. மழையே இல்லாமல் மொட்டைமாடி எப்படி ஒழுகும்? இந்தக் கேள்வியை முதல் நாளே அவரிடம் கேட்டிருந்தால் 38,000 மிச்சம். கான்ட்ராக்டருக்கு போன் செய்தேன். "ஆள் அனுப்புறேன் சார்" என்றார். ஜூன் போனது, ஜூலை போனது.

ஆகஸ்டில் ஒரு விடியற்காலை அம்மா பால் வாங்கக் கதவு திறக்கப் போயிருக்கிறார். பின்னால் பெரிய சத்தம். திரும்பிப் பார்த்தால் கட்டிலில் தலையணை வைக்கும் பக்கம் கான்கிரீட் துண்டு. இரண்டு சாண் நீளம், ஒரு சாண் அகலம், முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான கனம். பிறகு அரிசிக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்: 3 கிலோ 400. விழுந்த இடம் கறை இருந்த மூலை இல்லை. அந்த மூன்று கோடு இருந்த இடம். மேலே கம்பி தெரிந்தது, செங்கல் நிறத்தில்.

மாமாவுக்குப் பழக்கமான ஒரு ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை இன்ஜினியர் வந்தார். அவர் அரை மணி நேரம் பார்த்ததில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இனி எழுதுகிறேன். இதே மாதிரி போட்டோவை நிறைய பேர் யாருக்காவது அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் கறையை முடித்துவிட்டார். கறையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார். மாடி டேங்கிலிருந்து பாத்ரூமுக்கு இறங்கும் பைப்பின் வால்வை மூன்று நாள் மூடி வைக்கச் சொன்னார். அம்மா பக்கெட்டில் தண்ணீர் பிடித்துச் சமாளித்தார். மூன்றாம் நாள் ஈரம் காய்ந்து கறை வெளிறிவிட்டது. வால்வைத் திறந்த மறுநாள் பென்சில் கோட்டைத் தாண்டிப் பரவியது. பைப் தளத்துக்குள் இறங்கும் இடத்தில் ஒரு எல்போ விரிசல் விட்டிருந்தது. பிளம்பர் கூலியோடு சேர்த்து 900 ரூபாய். மழைக்குப் பின் வளரும் கறை என்றால் மாடி, மழை இல்லாத நாளிலும் வளர்ந்தால் பைப். இவ்வளவுதான் சூட்சுமம். கறை அசிங்கமே தவிர, அதனால் உடனே தளம் விழாது. ஆனால் விட்டுவைக்கவும் கூடாது, அந்த ஈரம் எட்டுகிற கம்பியெல்லாம் துருப்பிடிக்கும். பக்கத்தில் ஃபேனோ லைட்டோ இருந்தால் அந்த லைனை ஆஃப் செய்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

பிறகு கோடுகள். "கரண்ட் பைப்னு சொன்னாராமே?" என்று சிரித்தார். கரண்ட் பைப் வழியாக வரும் விரிசல் உண்மையிலேயே உண்டு. ஆனால் அது ஃபேன் பெட்டியிலிருந்தோ லைட் பாயின்டிலிருந்தோ கிளம்பி ஸ்விட்ச் இருக்கும் சுவரை நோக்கிப் போகும். பெரும்பாலும் ஒற்றைக் கோடு. எங்கள் கோடுகள் மூன்றும் ஒன்றுக்கொன்று இணை. நடுவில் ஐந்து, ஆறு அங்குல இடைவெளி. எதுவும் ஃபேனைத் தொடவில்லை. அறை 14க்கு 10 அடி. கோடுகள் பத்தடிப் பக்கம் போகும் திசையில் ஓடின. நீளமான அறைகளில் தளத்தைத் தாங்கும் முக்கியக் கம்பிகள் அந்தக் குறுகிய திசையில்தான், அதே இடைவெளியில்தான் கட்டப்படும். அதாவது உள்ளே இருந்த கம்பி தன் படத்தைத் தானே சீலிங்கில் வரைந்து காட்டியிருக்கிறது.

காரணம் எளிது. இரும்பு துருவானால் பழைய அளவைப்போல் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் போர்வை அந்த உப்பலைத் தாங்காமல் கம்பி நெடுகப் பிளக்கும். கட்டுமான விதிப்படி தளத்தில் அந்தப் போர்வை 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், சிறிய கம்பி என்றால் 15 வரை குறையலாம். எங்கள் வீட்டில் பல இடங்களில் 8 மில்லிமீட்டர்தான். அந்தக் காலத்தில் கம்பியைத் தகட்டிலிருந்து தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் வைக்காமல் கம்பியை சென்ட்ரிங் தகட்டின் மேல் அப்படியே பரப்பி, ஊடே நாலு ஜல்லியைச் செருகிக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். அது போதாதென்று தண்ணீர். அப்பா வீட்டு போர் தண்ணீரில்தான் கலவை போட்டார். தோல் பதனிடும் இந்தப் பாலாற்றுப் பக்கத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு உப்பு என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில், கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பான குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. 97ல் யார் சோதித்தார்கள்?

இனி, நான் போட்டோவில் பார்க்காததும் பார்க்க முடியாததும். இன்ஜினியர் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை சீலிங்கோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தார். விழாத பகுதியில்கூட தோசை உப்புவதுபோல் ஒரு மேடு நிழல் போட்டது. ஃப்ளாஷ் போட்டு நேராக எடுத்த படத்தில் இது வரவே வராது. அடுத்து சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கல்லைத் தட்டுவதுபோல் 'டங்'. கெட்ட இடத்தில் காலிப் பானைபோல் 'டொப்'. 'டொப்' கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்தபோது விழுந்த துண்டைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருந்தது. நீங்கள் தட்டிப் பார்ப்பதானால் கழிக்கடியில் நிற்காமல் நீளக் கழியால் பக்கத்திலிருந்து தட்டுங்கள், கட்டிலை முதலில் நகர்த்திவிட்டு.

சும்மா பூச்சு விரிசலும் எங்கள் ஹாலில் இருந்தது. சிலந்தி வலைபோல் நாலாபக்கமும், தலைமுடி கனம். தட்டினால் 'டங்'. துருக்கறை கிடையாது. "இதுக்கு பெயின்ட் போதும்" என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சில இடங்களில் பூச்சு மட்டும் கான்கிரீட்டை விட்டுப் பிரிந்திருந்தாலும் 'டொப்' கேட்கும் என்பதையும் சொன்னார். கொஞ்சம் கொத்திப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

கொத்திப் பார்த்தார்கள். 8 மில்லிமீட்டர் கம்பி, துருவைச் சுரண்டியபின் சில இடங்களில் 6.5தான் தேறியது. பார்க்க ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு, அவ்வளவுதானே என்று தோன்றும். கம்பியின் பலம் அதன் வெட்டுப் பரப்பில் இருக்கிறது. 50 சதுர மில்லிமீட்டர் இருந்தது 33 ஆகிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு கம்பி அந்த இடத்தில் இல்லை. இதன் மேல்தான் பட்டி பார்த்து உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள். பட்டி கோட்டை அடைத்ததால், மூன்று மாதம் அது அகலமாகிறதா என்று பார்க்கும் வாய்ப்பும் போயிற்று. அதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். பணத்தைவிட.

சரிசெய்த விதம்: முதலில் தளத்துக்கு இரும்பு ஜாக்கி முட்டு. பிறகு 'டொப்' பகுதி முழுவதையும் கொத்தி, கம்பியின் முதுகுப் பக்கமும் விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, பளபளப்பு தெரியும் வரை தேய்த்தார்கள். இளைத்த கம்பிகளுக்குப் பக்கத்தில் புதுக் கம்பி, நல்ல பகுதி வரை நீட்டிக் கட்டினார்கள். துரு தடுக்கும் பூச்சு, ஒட்டுப் பூச்சு, அதன் மேல் பாலிமர் கலந்த சிமென்ட் கலவை அடுக்கடுக்காக. துருவின் மேல் வெறும் சிமென்ட் அப்பினால் இரண்டே மழையில் மறுபடி தள்ளிவிடும் என்றார். எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய். மார்ச்சிலேயே செய்திருந்தால் பாதியில் முடிந்திருக்கலாம் என்பது அவர் கணக்கு.

கான்ட்ராக்டரிடம் உத்தரவாதக் காகிதத்தோடு போனேன். கோட்டிங் உரிந்தால் மட்டும் பொறுப்பு, "கட்டட அமைப்புக் குறைகளுக்குப் பொறுப்பல்ல" என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கிறதாம், காட்டினார். "அமைப்புக் குறை இல்ல, கரண்ட் பைப்னு சொன்னது நீங்கதானே?" என்றேன். "போட்டோ பாத்து சொன்னது சார்" என்றார்.

போட்டோ பார்த்துச் சொன்னதற்கு 38,000 வாங்கியவர் இவர். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கிறேன். அவர் வாட்ஸ்அப் பதில்கள், பில், விழுந்த துண்டின் படம், இன்ஜினியர் கைப்பட எழுதிய குறிப்பு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. துண்டும் இருக்கிறது, மாடிப்படிக்கடியில் கோணியில் சுற்றி. கட்டில் மட்டும் ஹாலுக்கு வந்துவிட்டது. அறை சரியாகி இரண்டு மாதம் ஆகியும் அம்மா அதை உள்ளே தள்ள விடவில்லை.