ஒரே பிரீஸ்கேலரா, இரண்டு கியரா? ஸ்டெப்பர் மோட்டாருக்கு டைமர் அமைக்கும் கணக்கு

பெங்களூரு பீன்யாவில் லேபிள் ஒட்டும் இயந்திரம் செய்யும் பட்டறை ஒன்று. உரிமையாளர் கிருஷ்ணகிரிக்காரர். அவர் கேட்டது இதுதான்: "தம்பி, ரோல் மாட்டும்போது மெதுவா நகரணும். ஓட ஆரம்பிச்சா கன்வேயர் வேகத்தோட அப்படியே ஒட்டிப் போகணும்." மோட்டார் கணக்கில் சொன்னால், நொடிக்கு 20 ஸ்டெப்பிலிருந்து 8000 ஸ்டெப் வரை. போர்டில் இருப்பது STM32F103 மைக்ரோகன்ட்ரோலர். டைமருக்கு வரும் கிளாக் 72 மெகாஹெர்ட்ஸ், எண்ணி 16 பிட்.

```
ஸ்டெப்/நொடி = 72000000 / ((PSC + 1) * (ARR + 1))
```

PSC என்பதுதான் பிரீஸ்கேலர், ஒரு எண்ணிக்கை எவ்வளவு நேரம் என்பதைத் தீர்மானிக்கிறது. ARR எத்தனை எண்ணிக்கைக்கு ஒரு ஸ்டெப் என்பதை.

பலரும் பழக்கத்தில் போடுவது PSC = 7199. ஒரு எண்ணிக்கை 100 மைக்ரோநொடி, ஆறரை நொடி வரை இடைவெளி கிடைக்கும். விளக்கு மினுக்க இது போதும், இங்கே உதவாது. இரண்டு எண்ணிக்கைக்கு ஒரு ஸ்டெப் என்றால் 5000, ஒன்று என்றால் கணக்குப்படி 10000, ஆனால் ARR = 0 ஆனால் எண்ணியே ஓடாது. 8000 என்ற வேகமே கிடையாது. எதிர்முனையில் PSC = 0 வைத்தால் நுணுக்கம் 14 நானோநொடி. ஆனால் 65536 எண்ணிக்கையும் 0.91 மில்லிநொடியில் தீர்ந்துவிடும். நொடிக்கு 1099 ஸ்டெப்புக்குக் கீழே மோட்டாரை இறக்கவே முடியாது.

நடுவே PSC = 71 நல்ல தேர்வு. ஒரு எண்ணிக்கை சரியாக 1 மைக்ரோநொடி, 65.5 மில்லிநொடி வரை போகலாம், 20 ஸ்டெப்புக்கு வேண்டிய 50 மில்லிநொடி அதில் அடங்கும். மேல்முனையில் 8000 என்பது 125 எண்ணிக்கை. அதை 126 ஆக்கினால் வேகம் 7937. அதாவது ஒரு படிக்கு 0.8 சதவீதம் தாவுகிறது. கன்வேயரோடு ஒத்துப் போக வேண்டிய லேபிளில் இந்தத் தாவல் தெரியும்.

பிரீஸ்கேலரை இன்னும் இறுக்கிப் பார்க்கலாமே என்று தோன்றும். 50 மில்லிநொடி அடங்க PSC குறைந்தது 54 வேண்டும். அதிலும் வேகமான முனையில் சுமார் 164 எண்ணிக்கைதான் கிடைக்கும், தாவல் 0.6 சதவீதம். இதற்குக் கீழே போக வழியில்லை. வேக விகிதம் 400 மடங்கு. 65536-ஐ 400-ஆல் வகுத்தால் வருவது அதே 164. பிரீஸ்கேலரை எப்படி மாற்றினாலும் இந்த வரம்பு நகராது. நான் எந்த வேலையிலும் PSC-ஐத் தொடும் முன் இந்த வகுத்தலைத்தான் முதலில் போடுவேன்.

அதனால் எனக்குச் சரியென்று படுவது இரண்டு கியர், அதாவது வேகத்துக்கேற்ப மாறும் இரண்டு PSC மதிப்பு. மெதுவான ஓட்டத்துக்கு PSC = 71. வேகமான ஓட்டத்துக்கு PSC = 5, ஒரு எண்ணிக்கை 83 நானோநொடி. அப்போது 8000 ஸ்டெப்புக்கு 1500 எண்ணிக்கை கிடைக்கும், தாவல் 0.07 சதவீதமாகக் குறையும். இந்தக் கியரில் 5.46 மில்லிநொடி வரை போகலாம். ஏறும்போது 250-லும் இறங்கும்போது 200-லும் மாற்றினால், எல்லையில் முன்னும் பின்னும் தத்தளிக்காது.

சிக்கல் முழுக்க அந்த மாறும் நொடியில் இருக்கிறது. PSC-இல் எழுதுவது அடுத்த அப்டேட் வரை, அதாவது எண்ணி ஒரு சுற்று முடிக்கும் வரை, காத்திருக்கும். ARR அப்படியல்ல, அதையும் காத்திருக்க வைக்கும் ARPE பிட் போடாவிட்டால் உடனே அமலாகும். 250-இல் மேல் கியருக்குப் போகும்போது புதிய ARR 47999, பழைய பிரீஸ்கேலரோடு சேர்ந்து, 4 மில்லிநொடிக்குப் பதில் 48 மில்லிநொடி இடைவெளியாகிவிடும். மோட்டார் ஒரு கணம் நின்று 'டக்' என்று கிளம்பும். இறங்கும்போது நேரெதிர்: ஒரு ஸ்டெப் மட்டும் மிகச் சீக்கிரம் வந்து தவறிப்போகும்.

பல்ஸ் அகலத்தையும் மறக்கக் கூடாது. அதை எண்ணிக்கையில் தீர்மானிப்பது CCR1. CCR1 = 5 என்பது கீழ் கியரில் 5 மைக்ரோநொடி, மேல் கியரில் வெறும் 0.42. A4988 டிரைவருக்குக் குறைந்தது 1 மைக்ரோநொடி வேண்டும். பல்ஸ் போய்க்கொண்டே இருக்கும், மோட்டார் அசையாது. எனவே ARPE, CCR1-க்கு அதே வேலை செய்யும் OC1PE இரண்டையும் தொடக்கத்திலேயே போட்டுவிட்டு, அப்டேட் இன்டரப்டின் முதல் வரிகளில் மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும்:

```c
TIM3->PSC  = 5;
TIM3->ARR  = 47999;
TIM3->CCR1 = 60;
```

போர்டை மாற்ற முடியுமென்றால் STM32F401-இன் TIM2 அல்லது TIM5 இதைவிட மேல். 32 பிட் எண்ணி என்பதால் 84 மெகாஹெர்ட்ஸில் PSC = 0 வைத்தே 51 நொடி வரை போகலாம், கியரே வேண்டாம். அடுத்த இயந்திரத்துக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறேன். பட்டறையில் ஏற்கெனவே வாங்கி வைத்த போர்டுகளுக்கு இரண்டு கியர்.

எப்படி அமைத்தாலும் ஸ்டெப் பின்னில் லாஜிக் அனலைசரை மாட்டி, 150-லிருந்து 400 வரை மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள். இடைவெளிகள் ஒழுங்காகக் குறைந்து, ஒழுங்காகக் கூட வேண்டும். இடையில் 48 மில்லிநொடி ஒன்று நீட்டிக்கொண்டு தெரிந்தால் ARPE விடுபட்டிருக்கிறது.