ஹட்டனில் மூன்று வருடம்: என் குழாய்க் கருவிப்பெட்டி

கருவிப்பெட்டியை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அதில் அதிகம் தீர்ந்துபோனது அற்ப விலை பெறும் ரப்பர் வாஷர்தான். காரணம் எங்கள் தண்ணீர். ஊற்றிலிருந்து வரும் நீர் வீட்டுக்கு மேலே ஏறக்குறைய முப்பது மீற்றர் உயரத்தில் இருக்கும் தாங்கியில் தேங்கி, அங்கிருந்து இறங்குகிறது. பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்று கணக்கு வைத்தால், சமையலறைக் குழாயில் மூன்று பார் நிற்கிறது. மழைக்காலத்தில் மணலும் சேர்ந்து வரும். அது வாஷரை அரித்துவிடுகிறது.

முதல் வருடம் மாதத்துக்கு ஒருமுறை வாஷர் மாற்றினேன். பக்கத்து வீட்டு அண்ணன்தான், "தம்பி, வாஷர் உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தாயா?" என்று கேட்டார். பிரதான வால்வை மூடி, குழாயின் தலையைக் கழற்றித் தடவினேன். பித்தளை விளிம்பில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு கீறல். அந்தக் கீறல் இருக்கும்வரை எந்த வாஷரும் நிற்காது. குழாயையே மாற்றினேன்.

மாற்றும்போதுதான் பேசின் ரெஞ்சின் அருமை புரிந்தது. பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்தால், சுவருக்கும் பீங்கானுக்கும் நடுவே இருக்கும் நட்டைச் சாதாரண ஸ்பேனர் தொடாது. பேசின் ரெஞ்சின் நீண்ட தண்டின் நுனியிலுள்ள வாய் இரு பக்கமும் மடியும். கீழிருந்து பார்க்கையில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருகினால் கழலும். வாயைத் தவறான பக்கம் மடித்துவிட்டால் நட்டைப் பிடிக்காமல் வழுக்கும். அரை மணி நேரம் அப்படித்தான் போராடினேன். துருப்பிடித்த நட்டில் மண்ணெண்ணெய் தடவிச் சற்றுநேரம் விட்ட பிறகே அசைந்தது. புதியதைப் பூட்டும்போது கையால் இறுக்கி, ரெஞ்சால் கால் சுற்று போதும். அதற்கு மேல் போனால் பீங்கான் வெடிக்கும்.

பைப் ரெஞ்ச் கனமான இரும்புக் குழாய்களுக்கு. பற்கள் கடிப்பதால் பளபளக்கும் குழாயில் வைக்கவே கூடாது, என் சமையலறைக் குழாயில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஒன்று குழாயைப் பிடிக்க, இன்னொன்று திருப்ப என்று இரண்டு வேண்டும். பெட்டியில் ஒன்றுதான் வந்தது.

கசிவைத் தடுக்கும் டெஃப்லான் டேப்பை ஆண் மரையின் முனையைப் பார்த்தபடி கடிகாரத் திசையில் ஐந்தாறு சுற்று இழுத்துச் சுற்றுகிறேன். இறுக்கிய பின் கொஞ்சம் பின்னால் திருப்பினால் கசியும். கழற்றிப் புதிதாகச் சுற்ற வேண்டும். ரப்பர் வாஷர் உள்ள வளையும் குழாய்க்கு டேப் தேவையில்லை.

குழாய் வெட்டும் கட்டரைப் பற்றி ஒரு குறை. ஜனவரி விடியலில் பிவிசி குளிரால் விறைத்திருந்தது, வெட்டியபோது நுனியில் விரிசல் விட்டது. இப்போது வெட்டும் இடத்தில் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, கொஞ்சநேரம் கழித்தே வெட்டுகிறேன்.