பிறந்த தேதி: எண்ணிலா, எழுத்திலா?

சென்னையில் பள்ளிப் படிவத்தில் 03/07/1998 என்றால் ஜூலை 3. அமெரிக்க முறையில் மாதம் முதலில் வருவதால், அதே எண் மார்ச் 7 ஆகிவிடும். நாள் 12-ஐத் தாண்டினால் இந்தக் குழப்பம் தானே விலகும். கட்டம் சின்னதென்றால் எண்தான் வசதி. ஆனால் அவசரக் கையெழுத்தில் 1-ஐ 7 என்று படித்துவிடுவார்கள்.

‘ஜூலை மூன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு’ என்று எழுத்தில் இருந்தால் மாதம் மாறாது, திருத்துவதும் கடினம். சான்றிதழுக்கு நான் இதையே நம்புவேன். தடுமாறும் இடம் ஒன்பதுதான்: 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம். நடுவில் ‘தொண்ணூற்று’ விட்டுப்போய் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு’ ஆனால் அது 1908. தொண்ணூறு வயது கூடிவிடும். இரண்டும் கேட்டால், எழுத்தை முதலில் எழுதி, அதை வாய்விட்டுப் படித்தபடி எண்ணை நிரப்புங்கள்.